மஞ்சள் கருவில் ஒரு பொட்டு

கொட்டிவாக்கம் குப்பத்தில் அன்று மத்தியானம் காற்றே இல்லை. மேகலா ஆம்லெட்டுக்காக ஒரு முட்டையை உடைத்துக் கிண்ணத்தில் ஊற்றினாள். மஞ்சள் கருவின் மேல் மிளகளவு ஒரு சிவப்புப் பொட்டு. இரண்டாவதை உடைத்தாள். அதிலும் இருந்தது. மூன்றாவதிலும். நான்காவது பொட்டிலிருந்து நூல் போல ஒரு வால் நீண்டிருந்தது.

கிண்ணத்தைத் தட்டால் மூடிவிட்டுத் தரையில் உட்கார்ந்தாள். அவளுக்கு இப்போது நாலரை மாதம். போன வருடம் ஐந்தாம் மாதத்தில் ஒரு பிள்ளை கலைந்துபோயிருந்தது. கணவன் பாரத் கடலுக்குப் போய் ஆறு நாளாகிறது. அதே முட்டை அட்டையிலிருந்து காலையில் இரண்டு முட்டை அவித்து, பிட்டுக்கூடப் பார்க்காமல் அவள் தின்றிருந்தாள். வீட்டில் ஒரு சத்தமும் இல்லை. மூடிய தட்டுக்கு அடியிலிருந்து நான்கு கண்கள் தன்னையே பார்ப்பதுபோல இருந்தது.

மாமியார் தேசம்மா மீன் விற்றுவிட்டு வந்து தட்டைத் திறந்தாள்.

"உள்ள குஞ்சு உருவாயிக்கினு கீது. அத்தத்தான் காலைல நீ துன்னுகீற."

ஒன்றென்றால் தற்செயல், நாலும் அப்படியென்றால் யாரோ ஏவி விட்டது என்றாள். கூடையைக்கூட உள்ளே எடுத்து வைக்காமல், மந்திரிக்கிறவரைப் பார்க்கப் போனாள். ஒரு மணி நேரத்தில் கறுப்பாகக் கஷாயம் நிறைந்த பாட்டிலோடு திரும்பினாள். வயிற்றில் போன தீட்டை அது கழுவிவிடுமாம். விளக்கு வைத்ததும் குடிக்க வேண்டும்.

மேகலா மூடியைத் திறந்து முகர்ந்தாள். கசப்பும் புகையும் கலந்த வாடை. எங்கோ முகர்ந்த வாடை அது. எங்கே என்றுதான் பிடிபடவில்லை.

கடைக்குப் போய்வருவதாகச் சொல்லி, மீதி முட்டைகளைப் பையில் எடுத்துக்கொண்டு, அவற்றை விற்ற ஹாஜிரா பீயிடம் போனாள். இருபது வருடமாக முட்டை மட்டுமே விற்பவள் ஹாஜிரா பீ. நடந்ததைக் கேட்டுவிட்டு, கடையின் ஷட்டரை முக்கால்வாசி இறக்கினாள். இருட்டில் போன் டார்ச்சின் மேல் ஒரு முட்டையை வைத்தாள். ஓடு முழுக்கத் தணல்போலச் சிவந்தது. அவள் அதை மெல்லத் திருப்ப, உள்ளே ஒரு நிழல் மிதந்து நகர்ந்தது. மேகலா ஓரடி பின்வாங்கினாள்.

"அது மஞ்சக் கரு, கண்ணு. முட்டைய ஆட்டினா ஆடும். இந்தப் பண்ணைல சேவலே கிடையாது. சேவல் இல்லாம குஞ்சு எங்கேர்ந்து வரும்?"

கோழி வயிற்றில் கரு பழுத்துக் கழலும்போது சின்ன ரத்தக் குழாய் ஏதாவது அறுந்தால், ஒரு துளி அதன்மேல் ஒட்டிக்கொள்ளும் என்றாள். சில கோழிக் கூட்டத்தில் அது அதிகம். அதனால் ஒரே அட்டையில் நாலைந்து வரலாம். இது பழுப்பு ஓடு என்பதால் பண்ணையில் விளக்கு வைத்துப் பார்த்தாலும் சுலபத்தில் சிக்காது. ஸ்பூன் நுனியால் எடுத்துப் போடலாம், எடுக்காமலும் வேகவைத்துத் தின்னலாம். அவித்துத் தின்றதால் ஒன்றும் ஆகாது. ஆனால் பிள்ளைத்தாய்ச்சி ஆஃப்பாயில் மட்டும் தொடக் கூடாது, பொட்டு இருந்தாலும் இல்லாவிட்டாலும்.

பிறகு மேகலாவின் பையிலிருந்து ஓட்டில் மயிரிழை விரிசல் கண்ட ஒன்றை எடுத்து உடைத்தாள். மஞ்சள் கருவில் ஒரு பொட்டும் இல்லை. ஆனால் வெள்ளைக் கரு லேசாக ரோஜா நிறத்தில் கலங்கியிருந்தது, வாடையும் அடித்தது.

"பயப்படணும்னா இதுக்குப் பயப்படு," என்று குப்பையில் கொட்டிவிட்டுக் கையைச் சோப்புப் போட்டுக் கழுவினாள். "டாக்டரம்மாவக் கேக்காம அந்தக் கஷாயத்த வாய்ல வைக்காத."

திரும்பும் வழியில், மீன் காயும் நெடிக்கு நடுவே, அந்த வாடை எங்கே அடித்தது என்பது மேகலாவுக்கு நினைவு வந்தது. அங்கேயே நின்றுவிட்டாள்.

வீட்டில் தேசம்மா டம்ளரில் கஷாயத்தை ஊற்றி வைத்திருந்தாள். மேகலா அதைத் தொடவில்லை.

"அத்த, போன வருஷம் எனக்குக் காய்ச்சல்னு ஒண்ணு குடுத்தீங்களே. அதுவும் இதுதானா?"

தேசம்மா டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நல்லதுக்குத்தான் குடுத்தேன்," என்றாள் கடைசியில்.

அதனால்தான் பிள்ளை போனதா என்று இனி யாராலும் சொல்ல முடியாது. தேசம்மா டம்ளரையும் பாட்டிலையும் எடுத்துப்போய் வாசல் மணலில் கவிழ்த்தாள். மணல் அதை உறிஞ்ச வெகுநேரம் எடுத்துக்கொண்டது. அது முழுக்க இறங்கும்வரை அவள் அங்கேயே குந்தியிருந்தாள்.

மத்தியானத்திலிருந்து கிடந்த கிண்ணத்து முட்டைகளை மேகலா கொட்டினாள். பையிலிருந்து ஒன்றை எடுத்து உடைத்தாள். பொட்டு இருந்தது. அதை ஸ்பூனால் அள்ளிப் போட்டுவிட்டு, மிளகு தூவி, இரண்டு பக்கமும் திருப்பிப் போட்டு வேகவிட்டாள்.

முதல் வாயை விழுங்கும்போது அடிவயிற்றுக்குள் மீன் துள்ளுவதுபோல ஏதோ ஒருமுறை அசைந்தது. அவள் மெல்லுவதை நிறுத்திவிட்டு, இன்னொரு தரம் அசைகிறதா என்று காத்திருந்தாள்.