மயிலாத்தாளின் எண்பத்தெட்டு

மயிலாத்தாளின் பித்தப்பையில் இருந்த கல்லை எடுக்க இரண்டு ஆஸ்பத்திரிகள் மறுத்துவிட்டன. இரண்டு இடத்திலும் ஒரே காரணந்தான். விரலில் கிளிப் மாட்டினால், ரத்தத்தின் ஆக்சிஜனை அளக்கும் பல்ஸ் ஆக்சிமீட்டர் எண்பத்தெட்டு என்று காட்டியது. தொண்ணூற்றைந்துக்கு மேல் இருக்க வேண்டிய எண் அது. முதல் இடத்தில் இதயத்தில் ஓட்டை இருக்கும் என்றார்கள். எக்கோ எடுத்துப் பார்த்தால் இதயம் பழுதில்லாமல் இருந்தது. அடுத்த இடத்தில் நுரையீரலைச் சந்தேகப்பட்டார்கள். எக்ஸ்ரேயில் அதிலும் ஒன்றுமில்லை. ஆனாலும் மயக்கம் கொடுக்க யாரும் துணியவில்லை.

மூன்றாவதாக அவள் வந்து சேர்ந்தது மேட்டுப்பாளையம் சாலையில் இருந்த சின்ன நர்சிங் ஹோமுக்கு. அங்கே மயக்க மருந்து டாக்டர் சாயிரா பானு. உக்கடத்துக்காரர். தன் வெள்ளை ஸ்கூட்டரில் ஊரில் இருக்கும் பாதி ஆபரேஷன் தியேட்டர்களுக்குப் போய் வருபவர். அந்தத் தொண்ணூற்றாறாம் வருஷத்தில்தான் நர்சிங் ஹோமுக்கு ஆக்சிமீட்டர் வந்திருந்தது. சர்ஜன் அரங்கசாமிக்கு அதன் பீப் சத்தமே ஆகாது.

சாயிரா கிளிப்பை மயிலாத்தாளின் விரலில் மாட்டினார். எண்பத்தெட்டு. தன் விரலில் மாட்டிப் பார்த்தார். தொண்ணூற்றெட்டு. மறுபடி மயிலாத்தாளுக்கு மாட்டினார். அதே எண்பத்தெட்டு.

"ஏனுங்க டாக்டரம்மா, இங்கயும் அந்தக் கிளிப்பு ஆகாதுன்னு சொல்லிப்போட்டுதுங்களா?" என்று கேட்டார் கணவர் தம்பிதுரை. துடியலூர்ப் பக்கம் மோட்டார் பம்பு பட்டறை வைத்திருந்தவர்.

"மூச்சு வாங்குமாங்க?" என்று சாயிரா மயிலாத்தாளிடம் கேட்டார்.

"எனக்கா? மருதமலைப் படிய எங்கயும் நிக்காம ஏறிருவனுங்க. இவருதான் பாதியில உக்காந்துக்குவாரு."

அவள் சிரித்தபோது சாயிரா உதடுகளைப் பார்த்தார். லேசான நீலம். "பள்ளிக்கூடத்துலயே என்னை நாவப்பழம்னுதானுங்க கூப்புடுவாங்க" என்றாள் மயிலாத்தாள், அவர் பார்வையைப் புரிந்துகொண்டு.

சாயிராவுக்கு ஒரு சந்தேகம் எழுந்தது. சில மருந்தும் சாயமும் ரத்தத்தைக் கெடுத்து ஆக்சிஜனைப் பிடிக்கவிடாமல் செய்துவிடும். அப்படிப்பட்ட ரத்தம் காபித்தூள் நிறமாகிவிடும், ஆக்சிஜன் காட்டினாலும் சிவக்காது. மயிலாத்தாளின் ரத்தத்தில் கொஞ்சம் எடுத்துக் கண்ணாடிக் குழாயில் விட்டு, ஆக்சிஜனை ஊதிக் குலுக்கினார். கருத்துக் கிடந்தது பளிச்சென்று செம்பருத்திப் பூவாகிவிட்டது. முகத்தில் மாஸ்க் வைத்து ஆக்சிஜன் கொடுத்ததும் கிளிப்பின் எண்ணும் விறுவிறுவென்று தொண்ணூற்றொன்பதுக்கு ஏறியது. ஆக, ரத்தம் கெட்டுப்போகவில்லை.

மாஸ்க்கை எடுத்து எண் பழைய இடத்துக்கு இறங்கிய பிறகு, மணிக்கட்டுத் தமனியில் ரத்தம் எடுத்தார். அதை ஐஸில் பொதித்து, அவிநாசி சாலைப் பெரிய ஆஸ்பத்திரியில் ரத்த வாயு பார்க்கும் மெஷினுக்குத் தானே ஸ்கூட்டரில் கொண்டுபோனார். திரும்பி வந்து முடிவை அரங்கசாமியிடம் நீட்டினார். ஆக்சிஜன் அழுத்தம் தொண்ணூற்றாறு. அமிலம், காரம் எல்லாம் சரி. பூரிதம், அதாவது ரத்தத்தில் ஆக்சிஜன் நிரம்பிய அளவு, தொண்ணூற்றேழு சதவீதம்.

"பாத்தீங்களா, ரத்தம் தொண்ணூத்தேழு. உங்க கிளிப்பு குப்பைங்க. நாளைக்கே வச்சுக்கலாம்" என்றார் அரங்கசாமி.

சாயிரா அந்தத் தொண்ணூற்றேழையே பார்த்துக்கொண்டிருந்தார். கிளிப் அவர் விரலில் சரியாகத்தானே காட்டியது? அப்படியானால் இந்த எண் எங்கிருந்து வந்தது?

சட்டென்று பிடிபட்டது. அந்த மெஷின் அழுத்தத்தைத்தான் அளக்கிறது. பூரிதத்தை அது அளப்பதே இல்லை. இவ்வளவு அழுத்தம் இருந்தால் இவ்வளவு பூரிதம் என்று, எல்லாருக்கும் பொதுவான வளைகோட்டை வைத்துக் கணக்குப் போட்டுக் கொடுக்கிறது. மயிலாத்தாளின் வளைகோடு அந்தப் பொதுவான வளைகோடாக இல்லாவிட்டால்?

"கிளிப்பு சொல்றதும் நிஜம், அழுத்தமும் நிஜம். இந்தத் தொண்ணூத்தேழுதான் பொய்யிங்க" என்றார் சாயிரா.

அரங்கசாமி கண்ணாடியைக் கழற்றினார். சாயிரா மருந்துக் கம்பெனி அட்டை ஒன்றின் பின்னால், கீழே அழுத்தத்தையும் பக்கத்தில் பூரிதத்தையும் குறித்து, படுத்த எஸ் மாதிரி ஒரு கோடு வரைந்தார். மேலே கிட்டத்தட்டச் சமதளம். அழுத்தம் அறுபதுக்குக் கீழே போனால் செங்குத்துச் சரிவு. மற்றவர்களுக்குக் கிளிப் தொண்ணூறு காட்டினால் அந்தச் சரிவின் விளிம்பில் நிற்கிறார்கள் என்று அர்த்தம். அதனால்தான் எல்லாரும் பதறுகிறார்கள். பிறகு அதே கோட்டை வலப்பக்கம் தள்ளி இன்னொன்று வரைந்தார். அதில் எண்பத்தெட்டுக்கு நேர் கீழே அழுத்தம் தொண்ணூற்றாறைத் தொட்டது.

"காய்ச்சல் வந்தாலும், ரத்தத்துல அமிலம் ஏறினாலும் கோடு வலப்பக்கம் நகரும். சோகை இருந்தாலும் கொஞ்சம் நகரும். இவங்களுக்குக் காய்ச்சலும் இல்ல, அமிலமும் இல்ல. சோகை லேசா இருக்கு, ஆனா அதுக்கு இவ்வளவு தூரம் நகராது. ஹீமோகுளோபினே பிறவியில கொஞ்சம் வேற மாதிரின்னு நெனைக்கிறேன்."

அரங்கசாமி அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நெனைக்கிறத வச்சுக் கத்தி எடுக்க முடியாதுங்களே."

ரத்த மாதிரி சென்னைக்குப் போனது. முடிவு வரும்வரை தம்பிதுரை பொழுது விடிந்தால் பட்டறையைத் திறக்காமல் நர்சிங் ஹோமுக்கு வந்து நின்றார். வந்த முடிவு சாயிரா சொன்னதையே சொன்னது: பாதி ஹீமோகுளோபின் ஆக்சிஜனால் நிரம்ப மற்றவர்களுக்கு இருபத்தேழு அழுத்தம் போதும், மயிலாத்தாளுக்கு நாற்பத்தைந்து வேண்டும்.

"அது நல்லதுங்களா, கெட்டதுங்களா?" என்றார் தம்பிதுரை.

"ரத்தத்த பஸ்ஸுன்னு வைங்க, ஆக்சிஜன் அதுல ஏறறவங்க" என்றார் சாயிரா. "நம்ம டவுன் பஸ் ஸ்டாண்டுல நெறஞ்சு கெளம்பும். ஆனா வழியில இறங்கறவங்க கால்வாசிதான். இவங்க பஸ் நாலஞ்சு சீட்டு காலியாத்தான் கெளம்பும். ஆனா போற எடத்துல பாதிப்பேரு இறங்கிருவாங்க. உடம்புக்கு வேண்டியது இறங்கறவங்கதானே? அதான் அம்மணி படி ஏறுறாங்க. ரத்தம் கொஞ்சம் கம்மியா இருந்தும் ஒண்ணும் ஆகல."

"அப்ப இத்தன வருசமா குடிச்ச இரும்பு டானிக்கு?" என்றாள் மயிலாத்தாள்.

"அத விட்டுருங்க."

ஆபரேஷன் வியாழக்கிழமை காலையில் நடந்தது. மயக்கத்தில் ஆக்சிஜன் தாராளமாகப் போனதால் கிளிப் தொண்ணூற்றொன்பதிலேயே நின்றது. அரங்கசாமி சந்தோஷமாகக் கல்லை எடுத்து வெளியே வைத்தார். கஷ்டம் அதற்குப் பிறகுதான். மாஸ்க்கை எடுத்ததும் எண் ஒவ்வொன்றாக இறங்கியது. தொண்ணூற்றைந்து, தொண்ணூற்றொன்று, எண்பத்தெட்டு. அலாரம் கத்தியது. நர்ஸ் ஓடி வந்தாள். அரங்கசாமியின் கை தன்னையறியாமல் மாஸ்க் பக்கம் போனது.

சாயிரா அந்தக் கையைத் தடுத்தார். காகிதத்தில் வரைவது வேறு, சிவப்பு விளக்கு மின்னும்போது கையைக் கட்டிக்கொண்டு நிற்பது வேறு. குனிந்து மயிலாத்தாளின் மூச்சைக் கவனித்தார். சீராக இருந்தது. நாடி நிதானமாக இருந்தது. மறுபடி ஒரு தமனி ரத்தம் எடுத்து அனுப்பினார். அழுத்தம் தொண்ணூற்றுமூன்று என்று போனில் பதில் வந்தபோது அலாரத்தை எண்பத்துநாலுக்கு இறக்கி வைத்தார். அறை அமைதியாயிற்று.

"இவங்களுக்கு இதுதான் நல்ல நம்பருங்க" என்று நர்ஸிடம் சொல்லி, கட்டிலின் தலைமாட்டில் அதையே பெரிதாக எழுதி ஒட்டச் சொன்னார்.

மறுநாள் அம்மாவைப் பார்க்க மகள் ரித்திகா பள்ளிச் சீருடையிலேயே வந்தாள். உதடுகளைப் பார்த்ததும் சாயிரா கேட்காமலே கிளிப்பை மாட்டினார். எண்பத்தொன்பது.

"இதனாலதானுங்க பி.டி. மாஸ்டர் இவள ஓட விடறதில்ல. இதய நோயின்னு ஓரமா உக்கார வச்சுப்போடறாரு" என்றாள் மயிலாத்தாள்.

"இவளையும் ஒரு தடவ சோதிச்சுரலாம். அம்மா மாதிரியேன்னா தாராளமா ஓடட்டும். மாஸ்டர்கிட்ட நானே வந்து பேசறேன்" என்றார் சாயிரா. "ஒண்ணே ஒண்ணு. ஊட்டி மாதிரி ஒசரத்துக்குப் போனா உங்களுக்கு நம்பர் எழுவதுக்கும் இறங்கும். அங்க காத்துல அழுத்தம் கம்மி, உங்க ரத்தம் நெறையறதுக்குச் சிரமப்படும். மேல போனா மெதுவா நடங்க."

"நாங்க ஊட்டிக்குப் போறதே இல்லீங்களே" என்றார் தம்பிதுரை.

"கூட்டிட்டுப் போனாத்தான?" என்றாள் மயிலாத்தாள். சிரித்ததும் தையல் இழுத்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு மறுபடியும் சிரித்தாள்.