கூப்பிய கைகள், பூங்கொத்து

அப்பா பிச்சையாவின் அடக்கத்துக்கு யோகராஜ் மாமா வராதது சுதாராணிக்கு ஆறவே இல்லை. சின்ன வயதில் சிலோன் தோட்டத்திலிருந்து ஒரே கப்பலில் வந்த சிநேகிதர்கள் இருவரும். மாமாவுக்குக் கண் தெரியாது. அட்டுவம்பட்டியில் ஒரு விடுதியில் போன் எடுக்கிற வேலை. ஆனாலும் கவுஞ்சி ஊர் வாட்ஸாப் குரூப்பில் இருக்கிறாரே, சேதி தெரியாமலா போகும்? ஊர் வாய் சும்மா இருக்குமா, அதையே சொல்லிச் சொல்லி அவளை ஏற்றிவிட்டது.

நாலாம் நாள் நேரிலேயே கேட்டுவிடுவதென்று கிளம்பிப் போனாள்.

குரலைக் கேட்டதும் மாமா முகம் மலர்ந்தார். "வா மக. பிச்ச எப்பிடி இருக்கான்? நாலு நாளா போனே எடுக்க மாட்டேங்குறான்."

கேட்க வந்ததைக் கேட்காமல் அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அப்பா போய்ட்டாரு மாமா. குரூப்புல போட்டிருந்தேனே."

அவர் போனைக் கையில் எடுத்தார். விரலால் தடவி அவள் செய்தியைத் தேடி எடுத்தார். திரையில் இருப்பதைப் போன் வாய்விட்டு வாசித்தது: "படம். கூப்பிய கைகள், பூங்கொத்து, கூப்பிய கைகள், பூங்கொத்து..." மரியாதைக்கென்று அவள் வரிவரியாகப் போட்ட இமோஜி அத்தனையையும் ஒவ்வொன்றாகப் பேர் சொல்லி முடித்த பிறகுதான் கடைசியில் வந்தது: "அடக்கம் நாளை காலை பத்து மணி."

"வெள்ளனே வர்ற குட்மார்னிங்கெல்லாம் இப்பிடித்தான் மக இருக்கும். ரெண்டு பூ கேட்டதுமே அடுத்த சேதிக்குத் தள்ளிருவேன். தள்ளிட்டா மிச்சத்த வாசிக்காது. மத்தவங்க போட்டதும் பூவும் கையுந்தான்."

"படத்துல அப்பா பேரு பெருசா இருக்கே மாமா."

"படத்துக்குள்ள இருக்குற எழுத்து இதுக்குத் தெரியாது. படம்னு சொல்லிட்டுப் போயிரும்."

சுதாராணி அழுதாள். பிறகு, எப்படி எழுத வேண்டும் என்று கேட்டாள்.

"சேதிய மொதல்ல எழுது. பூவு கடைசில ஒண்ணு போதும். படத்துல என்ன இருக்குன்னும் கூடவே எழுதிரு."

பதினாறாம் நாள் காரியத்துக்கு அப்படியே எழுதினாள். பெயர், நாள், நேரம், இடம். அதன் பிறகு படம். "வெள்ளைச் சட்டையில் அப்பா சிரிக்கிறார். வலது கையை நீட்டி..." எதன்மேல்? கை படத்தின் ஓரத்தில் பாதியில் நின்றது. இரங்கல் நோட்டீஸுக்காக அவளே வெட்டிய படம் அது. வெட்டாத படத்தைத் தேடி எடுத்துப் பார்த்தாள். அதையே எழுதினாள்: "அந்தக் கை யோகராஜ் மாமாவின் தோளில் இருக்கிறது. மாமாவை நான்தான் வெட்டிவிட்டேன்."

ஒரே ஒரு கூப்பிய கையோடு அனுப்பினாள்.

பதினாறாம் நாள் முதல் ஆளாக வந்தவர் மாமாதான். அப்பா படத்துக்கு முன் அவரை உட்கார வைத்தாள்.

"எந்தத் தோளு மக?"

"இடது தோளு மாமா."

அவர் தன் வலது கையை எடுத்து அங்கே வைத்துக்கொண்டார். காரியம் முடியும்வரை எடுக்கவில்லை.