அரை அங்குலம்

அன்று காலை எனக்குக் கொஞ்சம் தலைக்கனம். வளர்ச்சி குறைந்த பிள்ளைகளைப் பார்க்கும் பிரிவில் உயரம் அளக்கும் நர்ஸ் நான். பழைய ரெஜிஸ்டரில் அடி, அங்குலமாக இருந்ததையெல்லாம் சென்டிமீட்டராக மாற்றிக் கம்ப்யூட்டரில் ஏற்றிக்கொண்டிருந்தோம். சுவரில் ஒட்டியிருந்த அங்குல அளவுகோலைக் கழற்றிவிட்டுப் புதுக் கருவி மாட்டியிருந்தார்கள்.

"சிஸ்டர், இந்தப் பொண்ணு ஆறு மாசத்துல குட்டையாயிட்டா!" என்றாள் கம்ப்யூட்டர் பெண்.

எட்டிப் பார்த்தேன். ஆறு மாதம் முன்பு எழுதிய மூன்று அடி ஒன்பது அங்குலத்தை 3.9 அடி என்று போட்டு 30.48ஆல் பெருக்கியிருந்தாள். 118.9 வந்திருந்தது. இன்று நான் அளந்தது 117.1.

"ஒரு அடிக்குப் பத்து அங்குலமாம்மா? பன்னெண்டு! மூணு பன்னெண்டு முப்பத்தாறு, கூட ஒன்பது, நாப்பத்தஞ்சு. அதை 2.54ஆல பெருக்கு."

114.3 வந்தது. அவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள். நான் பெரிய கணக்குப் புலி மாதிரி நாற்காலியில் சாய்ந்தேன்.

அப்புறம்தான் வித்தியாசத்தைப் பார்த்தேன். 2.8. அந்தப் பிள்ளை சுண்டுவுக்கு எட்டு வயது. தினமும் வளர்ச்சி ஊசி. விலை கட்டுபடியாகாத மருந்து, இலவசமாகக் கொடுக்கிறோம். ஆறு மாதத்தில் மூன்றரை சென்டிமீட்டராவது வளராவிட்டால் நிறுத்திவிட்டு, வரிசையில் நிற்கும் அடுத்த பிள்ளைக்குக் கொடுப்பது எங்கள் பிரிவின் விதி.

சுண்டுவின் அம்மா துணிக்கடையில் தையல் வேலை பார்ப்பவள். வராண்டாவில் இருபது பேர் உட்கார்ந்திருக்க, நின்ற இடத்திலேயே பிடித்துக்கொண்டேன்.

"ஊசி ஒழுங்கா போடறியா இல்லையா? ஓசில கிடைச்சா அலட்சியமா? எத்தனை பிள்ளைங்க காத்திருக்குன்னு தெரியுமா உனக்கு?"

எல்லாத் தலையும் திரும்பியது. அவள் முந்தானையைத் திருகிக்கொண்டே நின்றாள். "ரெண்டு மூணு நாள் விட்டுப்போயிருக்கலாங்க..." என்றாள்.

"பாத்தியா!" என்றேன் ஜெயித்துவிட்ட குரலில். தாளில் 'ஊசி விடுபட்டது, தாய் ஒப்புதல்' என்று எழுதி, டாக்டருக்குக் காட்ட அவளுடைய ஊசி நோட்டையும் பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டேன்.

அது, துணிக்கடையில் வாடிக்கையாளர் அளவு எழுதுகிற நோட்டு. தேதிக்கு ஒரு டிக். விடுபட்ட நாளைத் தேடிப் பக்கம் பக்கமாகப் புரட்டினேன். ஆறு மாதத்தில் ஒரு நாள்கூட இல்லை. காய்ச்சல் வந்த நாளுக்குப் பக்கத்தில் 'டாக்டரைக் கேட்டுப் போட்டேன்' என்றிருந்தது. முதல் பக்கத்தின் மேலே ஒரு வரி: உயரம் 44½.

பழைய பக்கத்தைத் திறந்தேன். ரெஜிஸ்டரில் என் கையெழுத்தில் இருந்தது மூன்று அடி ஒன்பது, அதாவது 45. எங்கள் ரெஜிஸ்டரில் அங்குலத்துக்கு ஒரு சின்னக் கட்டம்தான். அரை வந்தால் மேலே தூக்கி முழுசாகப் போட்டுவிடுவேன். குட்டைப் பிள்ளைக்கு அரை அங்குலம் தானம் செய்கிற நினைப்பு வேறு. அந்த அரை, ஒன்றேகால் சென்டிமீட்டருக்கும் கொஞ்சம் அதிகம். 44½ என்றால் 113. 117.1இல் அதைக் கழித்தால் நாலு சொச்சம். பிள்ளை நன்றாகத்தான் வளர்ந்திருக்கிறாள். அவள் வளர்ந்ததில் மூன்றில் ஒரு பங்கை ஆறு மாதம் முன்பே நான் எழுதி முடித்துவிட்டேன்.

கம்ப்யூட்டர் பெண்ணிடம் காலையில் பத்தா பன்னெண்டா என்று கேட்டவள் நான்.

சுண்டுவின் அம்மாவை உள்ளே கூப்பிட்டேன். "இந்த நாப்பத்தி நாலரை யார் சொன்னது?"

"நீங்கதாங்க அளக்கும்போது சொன்னீங்க. அரை இஞ்ச் விட்டா எங்க தொழில்ல துணியே பாழாயிடும், அதான் அப்படியே எழுதிக்கிட்டேன்."

"ஒரு நாள்கூட நீ விடலையே. அப்புறம் ஏன் விட்டுப்போயிருக்கலாம்னு சொன்னே?"

தரையைப் பார்த்தாள். "நீங்க எழுதினது தப்பா இருக்கும்னு தோணலைங்க. நாந்தான் தூக்கக் கலக்கத்துல போடாமலே டிக் பண்ணிட்டேனோன்னு நெனச்சேன்."

டாக்டரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் நோட்டைப் பார்த்தார், ரெஜிஸ்டரைப் பார்த்தார், என்னைப் பார்க்கவில்லை. ஊசியைத் தொடரச் சொல்லிக் கையெழுத்துப் போட்டார். "மத்த பிள்ளைங்களுக்கும் இப்படித்தான் எழுதினீங்களா?" என்று கேட்டார்.

"ஆமாம் டாக்டர்."

"அவங்க அம்மாங்க யாரும் நோட்டுல எழுதியிருக்க மாட்டாங்களே."

போன மாதம் இப்படி ஊசியை நிறுத்திய இரண்டு பிள்ளைகளின் முகம் நினைவுக்கு வந்தது. அந்த இருவரின் அம்மாக்களையும் இதே வராண்டாவில் வைத்துத்தான் திட்டியிருந்தேன்.

வெளியே வந்தேன். அதே இருபது பேர். சுண்டு அம்மா பக்கத்தில் பெஞ்சில் காலை ஆட்டிக்கொண்டிருந்தாள். அத்தனை பேர் முன்னால் திட்டியதை அத்தனை பேர் முன்னால்தான் திருப்பி எடுக்க வேண்டும். "தப்பு என்னோடதும்மா, நீ சரியாத்தான் போட்டிருக்கே" என்றேன் தணிந்த குரலில்.

முதல் வரிசையில் இருந்தவர் காதில் கை வைத்துக் குனிந்தார். "என்ன சிஸ்டர் சொன்னீங்க? கேக்கலையே."