ஒரு மணிக்கு ஒரு சொட்டு

சுஜிதா தூத்துக்குடி துறைமுகத்தில் கன்டெய்னர் சர்வேயர். இறங்கும் பெட்டிகளைச் சுற்றி வந்து, எங்கே நசுங்கியிருக்கிறது, எங்கே ஓட்டை என்று குறிப்பது அவள் வேலை. ஹெல்மெட்டுக்குள் வேர்த்தால் மூக்குக்கண்ணாடி வழுக்குகிறது என்று மூன்று வருடமாகக் கான்டாக்ட் லென்ஸ்தான். வெள்ளிக்கிழமை இரட்டை ஷிப்ட் முடிந்து வந்தவள், அதைக் கழற்றாமலே தூங்கிப்போனாள்.

மறுநாள் காலை வலது கண் சிவந்து நீர் வடிந்தது. லென்ஸை எடுத்துப் போட்ட பிறகும் உள்ளே மணல் கிடப்பதுபோல் உறுத்தியது. பத்து மணிக்கெல்லாம் ஜன்னல் வெளிச்சமே குத்தியது.

“யார்டு தூசியாத்தான் இருக்கும். மெடிக்கல்ல ஒரு சொட்டு மருந்து வாங்கிட்டு வாங்க. திங்கக்கிழமை டாக்டர்ட்ட போயிக்கிடலாம்” என்றாள்.

அவள் கணவன் ஆன்றோ சரக்குக் கப்பலில் இஞ்சின் அறையில் வேலை பார்ப்பவன். ஒரு மாத விடுப்பில் வந்திருந்தான். அவள் இமையைப் பிரித்துப் பார்த்தான்.

“ஏளா, கருப்பு முழியில வெள்ளையா ஒரு புள்ளி கெடக்கு. இது தூசி இல்ல. சேலைய மாத்து, போவோம்.”

முத்தையாபுரத்திலிருந்து மில்லர்புரம் கண் மருத்துவமனை வரைக்கும் பைக்கின் பின்னால் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டே வந்தாள்.

டாக்டர் கிருபை கண்ணில் சாயம் விட்டு நீல விளக்கை அடித்தார். புள்ளி இருந்த இடம் பச்சையாக ஒளிர்ந்தது.

“கருவிழியில புண்ணு. லென்ஸோட தூங்கினீங்களா?”

“ஆமா டாக்டர்.”

“லென்ஸ் டப்பாவ எதுல கழுவுவீங்க?”

“பைப்புத் தண்ணியில.”

டாக்டர் திட்டவில்லை. கண்ணை மரத்துப்போகச் செய்து, புண்ணின் விளிம்பை மெல்லச் சுரண்டிச் சோதனைக்கு அனுப்பினார். லென்ஸ் டப்பாவையும் கொண்டுவரச் சொன்னார். பிறகு ஆன்றோவிடம் திரும்பினார்.

“இந்த ஆன்டிபயாடிக் ஒரு மணிக்கு ஒரு சொட்டு. பகல், ராத்திரி, ரெண்டு நாளும் விடக்கூடாது. மருந்து கருவிழியில தங்காது, கண்ணீரோட வடிஞ்சு போயிரும். அதனாலதான் திரும்பத் திரும்ப. இந்த ரெண்டாவது குப்பி வலி குறையவும் கண்பாப்பாவ விரிக்கவும், ஒரு நாளைக்கு மூணு தடவ. கண்ணக் கட்டாதீங்க. நாளைக்குக் காலையில நான் பாத்தே ஆகணும்.”

“கப்பல்ல ராத்திரி முழிச்சு வாட்ச் பாக்கிறவன் நான். விட மாட்டேன்” என்றான் ஆன்றோ.

அவன் சொன்னபடியே செய்தான். நோட்டில் மணியை எழுதி, ஒவ்வொரு சொட்டுக்கும் எதிரே ஒரு டிக் அடித்தான். மூடிய கண்ணோடு அவள் படுத்திருக்க, கை கழுவிக்கொண்டு வந்து கீழ் இமையை இழுத்து மருந்தை விட்டான். இரண்டாவது குப்பியின் முறை வந்தால் ஐந்து நிமிடம் காத்திருந்து அதையும் விட்டான். விடியும்போது அவன் கண்ணும் சிவந்திருந்தது.

ஞாயிறு காலை சுஜிதா எழுந்து உட்கார்ந்தாள். வலி பாதிகூட இல்லை.

“சரியாயிட்டு வருது. இன்னைக்கு எதுக்கு? பூசைக்குப் போயிட்டு நாளைக்குக் காட்டலாம்.”

“வலி இல்லன்னா புண்ணு இல்லன்னு யாரு சொன்னா? டாக்டரம்மா இன்னைக்குன்னா இன்னைக்குத்தான்.”

டாக்டர் கிருபை கண் சோதிக்கும் கருவி வழியாக நெடுநேரம் பார்த்தார். புண் கொஞ்சம் அகன்றிருந்தது. கருவிழிக்குப் பின்னால், கீழ் ஓரத்தில், நகக்கீற்று அளவுக்குச் சீழ் தேங்கி நின்றது.

“வலி குறைஞ்சது பாப்பாவ விரிக்கிற மருந்தால. கிருமி இன்னும் உள்ள வேல செய்யுது” என்றார். சுரண்டல் சோதனையின் முதல் முடிவு வந்திருந்தது. லென்ஸ் போடுகிறவர்களிடம் அடிக்கடி காணும் வகைக் கிருமிபோலத் தெரிந்தது. “நல்ல வேளை இன்னைக்கு வந்தீங்க. இது ரெண்டு மூணு நாள்ல கருவிழிய ஓட்டை போட்டுரும்.”

இன்னொரு வீரியமான மருந்தும் சேர்ந்தது. அதுவும் மணிக்கொரு தரம். சுஜிதா டாக்டரைப் பார்த்துக் கேட்டாள்.

“பார்வை போயிருமா டாக்டர்?”

“இன்னும் நேரம் இருக்கு. அதை நாம விடக்கூடாது.”

ஆன்றோ நோட்டில் புது மருந்துக்கு இன்னொரு பத்தி கோடு போட்டான். திங்களன்று புண் அகலவில்லை. சீழும் ஏறவில்லை. செவ்வாயன்று டாக்டர் கருவியிலிருந்து முகத்தை எடுத்தபோது சிரித்துக்கொண்டிருந்தார்.

“சீழ் வத்துது. புண்ணு ஓரம் இறுகியிருக்கு. கிருமிய வளத்துப் பாத்த கல்ச்சர் ரிப்போர்ட்டும் வந்துட்டு. நாம நெனச்ச அந்தக் கிருமி, சூடோமோனாஸ்தான். நம்ம ரெண்டு மருந்துக்கும் கேக்குது. ஜெயிச்சிட்டோம் சுஜிதா.”

ஆன்றோ நாற்காலியில் சாய்ந்து அங்கேயே கண்ணயர்ந்துவிட்டான். எழுப்ப அவளுக்கு மனம் வரவில்லை.

டாக்டர் சொட்டுகளை மெல்ல மெல்லக் குறைத்தார். ஆறு வாரம் கழித்து இடது கண்ணைக் கையால் மறைத்துக்கொண்டு எழுத்துப் பலகைக்கு முன்னால் உட்கார்ந்தாள். மேல் வரியைப் படித்தாள். அடுத்த வரி. அதற்கடுத்த வரி. கடைசிக்கு இரண்டு வரி முன்புவரை தடுமாற்றமில்லாமல் வந்தாள். புண் ஆறிய தழும்பு கருவிழியின் நடுப்பகுதியைத் தொடாமல் ஒதுங்கி நின்றிருந்தது.

“இன்னும் ஒரு வரி முயற்சி பண்ணுதேன்” என்று முன்னால் சாய்ந்தாள் சுஜிதா.