சிலுவைக்கு ஒரு விலைமனு

கொறற்றியின் கல்லறைச் சிலுவைக்கு முதலில் விழுந்த விலை நூற்றைம்பத்தேழு யூரோ எட்டுச் சதம், வரியும் சேர்த்து.

விலை போட்டவர் அவளுடைய கணவன் அன்ரன். டோர்ட்மண்டில் பழைய தொழிற்சாலை முற்றமொன்றில் அவருக்குச் சின்ன இரும்புப் பட்டறை. படிக்கட்டுக் கைபிடி, கேற், பல்கனிக் கம்பி என்று எது கேட்டாலும் செய்வார். சிலுவைக்குக் காசு கொடுக்க வந்தவன் கொறற்றியின் தம்பி பீலிக்ஸ். ஹனோவரில் மளிகைக் கடைக்காரன். கத்தரிக்காயில்கூடப் பத்துச் சதம் குறைக்காமல் வாங்கியதில்லை.

அவன் தாளைப் பார்த்துவிட்டு மேசையில் திருப்பி வைத்தான்.

“இது காணாது, அத்தான்.”

“என்ன காணாது?”

“விலை. சரியான குறைவு. இந்த விலைக்கு நான் ஓர்டர் தரமாட்டன். ஜெர்மன்காரன் ஒருத்தன் தொள்ளாயிரத்துப் பத்து கேட்டவன். அவனிட்டைக் குடுக்கிறன்.”

அந்தச் சிலுவையை வேறொருவன் கை தொடுவதை அன்ரனால் நினைக்கவே முடியவில்லை. கல்லறைத் தோட்டக் கந்தோர் அனுமதித்த வரைபடமும் அவர் கீறியதுதான்.

“என்ர மனுசிக்கு நான் செய்யாமல் ஆர் செய்யிறது? காசே வேண்டாமெண்டன், நீதானே விலை கேட்டனி.”

“கடைக்காரன் நான். குறைக்கச் சொல்லித்தான் இதுவரைக்கும் கேட்டிருக்கிறன். கூட்டச் சொல்லி இண்டைக்குத்தான். இதில இரும்புக் காசு மட்டுந்தானே கிடக்கு?”

“நூற்றிருபது யூரோக்குத் துருப்பிடிக்காத உருக்கு. வெட்டுக்கழிவு, வெல்டிங் கம்பி, காஸ் எல்லாத்துக்கும் பன்னிரண்டு. வரி.”

“உங்கட கூலி?”

“எனக்கு நானே கூலி போடவோ?”

பீலிக்ஸ் நிமிர்ந்து பார்த்தான். சுவரில் கொறற்றியின் ஏப்ரன் இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது.

“அப்பிடிப் போடாமல் விட்டுத்தானே, அத்தான், வாடகைக்குக் காணாமல் அக்கா காலமை நாலு மணிக்குக் கந்தோர் தரை துடைக்கப் போனவ. நெஞ்சு நோவெண்டு டொக்டரைப் பாக்க எடுத்த டெர்மின் நாளை மூண்டு தரம் மாத்தினவ. வேலைக்குப் போகாட்டிக் காசு வெட்டுவாங்கள் எண்டு.”

அன்ரன் இழுப்பறையைத் திறந்து கொறற்றியின் கணக்குக் கொப்பியை எடுத்தார். மணிக்கூலி எவ்வளவென்று அவருக்கே தெரியாது, அவளுக்குத்தான் தெரியும். வாடகை, காப்புறுதி, வெப்பமூட்டல் எல்லாம் சேர்த்து, ஒரு மணித்தியாலம் முப்பத்தைந்து யூரோ என்று முதற்பக்கத்திலேயே எழுதி வைத்திருந்தாள்.

“ஆறு மணித்தியாலம் போடுவம்,” என்றார்.

“பொலிஷுக்கு மட்டும் எவ்வளவு?”

“நாலு.”

“வெட்டி மில்லிங் பண்ண? பேர் பொறிக்க?”

“அது ஒரு அஞ்சு.”

“மிச்சம்?”

“வரைஞ்சது ஒண்டு, வெல்டிங் ரெண்டு, கொண்டுபோய் நாட்ட ரெண்டு.”

“பதினாலு. பதினாலை ஆறாக்கிற யாவாரியை நான் இண்டைக்குத்தான் பாக்கிறன். சரி, மெஷினுக்கு?”

“அது கடன் முடிஞ்சு சும்மா நிக்குது.”

“பழுதாகினா சும்மா தருவாங்களோ?”

அதற்கும் கொப்பியில் பக்கமிருந்தது. பதினாறாயிரத்துக்கு வாங்கிய மில்லிங் இயந்திரம். எட்டு வருட ஆயுளென்றால் வருடத்துக்கு இரண்டாயிரம். மின்சாரம், வெட்டலகு, திருத்தம் ஆயிரத்து அறுநூறு. வருடத்துக்கு முந்நூறு மணித்தியாலம் ஓடும். மணிக்குப் பன்னிரண்டு யூரோ. சிலுவைக்கு நாலு மணித்தியாலம், நாற்பத்தெட்டு.

கூட்டினார். உருக்கும் மற்றதும் நூற்றுமுப்பத்திரண்டு, இயந்திரம் நாற்பத்தெட்டு, கூலி நானூற்றுத் தொண்ணூறு. அறுநூற்றெழுபது.

“லாபம்?” என்றான் பீலிக்ஸ்.

“அவளின்ர சிலுவையில நான் லாபம் எடுக்கிறதோ?”

“அக்கா பத்து வீதம் போட்டிருப்பா.”

ஓம், போட்டிருப்பாள். அன்ரன் அறுபத்தேழு என்று எழுதினார். அந்த ஏழு சரியாக வரவில்லை, மறுபடி எழுதினார். எழுநூற்று முப்பத்தேழு. பத்தொன்பது வீத வரியோடு எண்ணூற்று எழுபத்தேழு யூரோ மூன்று சதம்.

பீலிக்ஸ் ஒரு சதமும் குறைக்கச் சொல்லாமல் கையொப்பமிட்டான். நானூறு யூரோ முற்பணத்தை எண்ணி வைத்துவிட்டு ரசீது வாங்கிக்கொண்டான். வாசலில் நின்று, “பேரை வடிவாப் பொறியுங்கோ, அத்தான்,” என்றான். போய்விட்டான்.

அன்ரன் ஓர்டரைப் பதியக் கொப்பியின் பின்பக்கத்தைத் திருப்பினார். அங்கே அவர் இதுவரை பார்த்திராத ஒரு பட்டியல், பென்சிலில். பல்கனிக் கம்பி, ஒன்பது. கோயில் கேற், முப்பத்தொன்று. ஜேசுரட்ணம் அண்ணையின் கைபிடி, பதினொன்று. விலையில் அவர் எழுதாமல் விட்ட மணித்தியாலங்கள். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில், அதை ஈடுகட்ட அவள் கந்தோர் துடைத்த காலைகளின் திகதிகள். கடைசித் திகதி, அவள் விழுந்த காலைக்கு முதல்நாள்.

அவளே கூட்டி அடியில் கோடிழுத்திருந்தாள். அன்ரன் பென்சிலைத் தேடி எடுத்து அந்தக் கோட்டுக்குக் கீழே எழுதினார்.

எழுதாத மணித்தியாலம்: 412.
எழுதியது: 14.
நிலுவை: 398.