எத்தனை உதை தாங்கும்

காலை பதினொன்றேகால் மணிக்கு ஒரு பெண் எங்கள் ஆப்பில் கேட்டாள்: “பாத்ரூம் கதவுக்கு உள்பக்கம் தாழ்ப்பாள் போடணும். இன்னிக்கே ஆள் வருவாங்களா?”

வீடுகளுக்குத் தச்சர், பிளம்பர், எலக்ட்ரீசியன் அனுப்பும், வேண்டிய சாமானும் விற்கும் கம்பெனி எங்களுடையது. ஆப்பில் பதில் சொல்வது இயந்திரம். அதன் வாயில் போகும் வாக்கியங்களை எழுதுவது நான். மூன்று வருஷமாக ‘சிரமத்துக்கு வருந்துகிறோம்’ என்று எழுதி எழுதி, வீட்டில் கரண்டி கீழே விழுந்தால்கூட அதனிடம் வருந்தும் நிலைக்கு வந்துவிட்டேன். எழுத்தில்தான் இந்தத் தேனும் பாலும். வாயைத் திறந்தால் நான் வேறு ஆள். என் கோபத்துக்குப் பயந்து என் தம்பி இன்னும் போனில்தான் சண்டை போடுவான்.

அந்த மாதம் எங்களுக்குப் புது வேலை கொடுத்திருந்தார்கள். கேஸ் அடுப்பைப் பற்றி எழுதிய ஒருவர், தான் சாகப்போவதாகவும் அதே வரியில் எழுதியிருந்தார். இயந்திரம் அவருக்குப் புது அடுப்புக்குத் தள்ளுபடி காட்டியது. அதற்குப் பிறகுதான், துயரத்தில் இருப்பவர் எழுதினால் இயந்திரம் விற்பனையை நிறுத்திவிட்டு அதை மனிதரிடம் ஒப்படைக்க வேண்டும் என்று விதி வந்தது. மூன்று பேரை ஒரு சின்ன அறையில் போட்டார்கள். நான், பொறியாளர், உதவி எண் ஒன்றில் இருபது வருஷம் போன் எடுத்த ஆலோசகர். பொறியாளரை எல்லோரும் கொசு என்றுதான் கூப்பிடுவோம். ஆள் அவ்வளவு ஒல்லி, காதருகே விடாமல் பேசுவான். ஆலோசகரை மேடம் என்போம்.

விதி சில சொற்களைப் பிடிக்கும். சாவு, விஷம், வாழப் பிடிக்கவில்லை, இப்படி ஒரு பட்டியல். தாழ்ப்பாள் அதில் இல்லை. பட்டியலில் சிக்காத உரையாடல்களையும் ஒரு பக்கமாகப் பார்த்துக்கொண்டிருப்பது என் வேலை என்பதால் அது என் கண்ணில் பட்டது.

இயந்திரம் அவளுக்கு மூன்று வகைத் தாழ்ப்பாள் காட்டியது.

“இதுல எது உதைச்சா தாங்கும்?” என்று கேட்டாள்.

“எங்கள் தாழ்ப்பாள்கள் அனைத்தும் உயர்தரமானவை!” என்றது இயந்திரம். ஆச்சரியக்குறியோடு. அந்த ஆச்சரியக்குறி நான் வைத்தது.

“எத்தனை உதை தாங்கும்? பழசு நேத்து நாலாவது உதையில போயிடுச்சு. கதவு மூஞ்சியில அடிச்சு பல்லு ஒண்ணு போச்சு.”

“சிரமத்துக்கு வருந்துகிறோம். பழைய தாழ்ப்பாளுக்கு உத்தரவாத அட்டை உள்ளதா?”

நான் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தேன். “மேடம், இங்க வாங்க. ஒருத்தன் இவளைப் போட்டு அடிக்கிறான்.” இயந்திரத்தை நிறுத்தி உரையாடலை என் கைக்கு மாற்றினேன். மளமளவென்று எழுத ஆரம்பித்தேன். உங்கள் வலி எங்களுக்குப் புரிகிறது, நீங்கள் தனியாக இல்லை, உங்களுக்காகப் பல அமைப்புகள் இருக்கின்றன என்று பத்து வரி. கீழே சிவப்புப் பெட்டியில் ஏழு உதவி எண்கள்.

மேடம் என் கையைப் பிடித்துத் தள்ளினார். “அனுப்பாத. வலி புரியுதா உனக்கு? உன் பல்லா போச்சு? பக்கத்துல அவன் நின்னா, இந்தச் சிவப்புப் பெட்டி அந்த ரூம் முழுக்கத் தெரியும். எல்லாத்தையும் அழி.”

“அப்ப என்னதான் எழுதறது?”

“ஆமா, இல்லைன்னு சொல்ற மாதிரி கேளு. யாருன்னு சொல்லு. முதல்ல, எழுதறது அவளுக்கு ஆபத்தான்னு கேளு.”

எழுதினேன்: “நான் இயந்திரம் இல்லை, கம்பெனியில் வேலை செய்யும் பெண். இப்போது எழுதுவது உங்களுக்கு ஆபத்தா? ஆமாம் அல்லது இல்லை என்றால் போதும்.”

பிறகு: “இல்ல. குளிக்கப் போயிருக்கார். இது அவர் போன். என்னோடதை அடுப்புல போட்டுட்டார்.”

கொசு நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டான்.

மேடம் சொல்லச் சொல்ல அடுத்ததைத் தட்டினேன். “அடிபட்ட இடத்திலிருந்து இரத்தம் வருகிறதா? வெளியே போக வழி இருக்கிறதா?”

“வாசல் பூட்டியிருக்கு. சாவி அவர் கழுத்துல. நேத்து பெல்ட்டுல இருக்கிற இரும்பால அடிச்சார். தலையில ரத்தம் நின்னுடுச்சு. இன்னிக்கு வேலைக்குப் போகல. மத்தியானத்துக்குள்ள முடிச்சிடறேன்னு சொல்றார்.”

மேடத்தின் முகம் மாறியது. “இது நாளைக்கு நம்பர் கொடுத்துப் பேசச் சொல்ற கேஸ் இல்ல. இப்பவே ஆள் போகணும். ஆனா அவ சொல்லாம அனுப்பக் கூடாது. கேளு.”

“உங்கள் வீட்டுக்கு இப்போது போலீசை அனுப்பச் சொல்லவா? ஆப்பில் இருக்கும் முகவரியில்தான் இருக்கிறீர்களா?”

அவள் யோசித்த நேரம் என் வாழ்க்கையிலேயே நீளமானது. “ஆமா. ரெண்டுக்கும் ஆமா. தண்ணி நின்னுடுச்சு வர்றார்.”

மேடம் அதற்குள் அவசர எண்ணில் பேசிக்கொண்டிருந்தார். முகவரி, மாடி, பூட்டிய வாசல், தலையில் அடி, கொலை மிரட்டல் என்று ஒவ்வொன்றாக, மளிகைச் சாமான் சொல்வதுபோல நிதானமாக. போனை வைத்ததும், “பன்னிரண்டு நிமிஷம்னு சொல்றாங்க” என்றார்.

“கொசு, இந்தப் பேச்சை அவன் போன்ல பார்த்தா?” என்றேன்.

“நம்ம பக்கத்துலேர்ந்து மறைச்சிடலாம்க்கா.” அவன் விரல்கள் பறந்தன. முழுக்கக் காலியாக இருந்தால் சந்தேகம் வரும் என்று, தாழ்ப்பாள் பற்றிய முதல் கேள்வியையும் மூன்று படங்களையும் மட்டும் விட்டுவிட்டு மற்றதை எல்லாம் அவள் திரையிலிருந்து எடுத்தான். எங்கள் திரையில் ஒரு பிரதி இருந்தது. பேச்சு முடிந்ததும் உரையாடல் முழுவதும் கணக்கு வைத்திருப்பவரின் மின்னஞ்சலுக்குப் போகும் வழக்கம் உண்டு. அதையும் நிறுத்தினான். “எல்லாம் கிளீன்” என்று கொசு நாற்காலியில் சாய்ந்தான்.

கிளீனாக இல்லை. மனிதர் பேசி முடித்த ஒவ்வொரு உரையாடலுக்கும் ஆப் தானாகவே ஒரு செய்தி அனுப்பும். செய்திகளை மறைத்ததை அது பேச்சு முடிந்ததாக எடுத்துக்கொண்டது. மணிச் சத்தத்தோடு அவன் போனில் போய் விழுந்தது: “தாழ்ப்பாள் பற்றி எங்கள் ஊழியருடன் பேசியது எப்படி இருந்தது? ஐந்து நட்சத்திரம் தருவீர்களா?” அதையும் நான்தான் எழுதியிருந்தேன். நட்சத்திரங்களுக்குக் கண்ணும் வாயும் வைத்தது என் யோசனை. நாங்கள் மூன்று பேரும் அதை மறந்திருந்தோம். தினமும் நூற்றுக்கணக்கில் போகிற ஒன்று யார் கண்ணுக்கும் தெரிவதில்லை.

உரையாடல் மறுபடி திறந்தது.

“யார் தாழ்ப்பாள் கேட்டது?”

இது அவள் இல்லை.

மேடம் என் காதருகே குனிந்தார். “கடைக்காரி மாதிரி பேசு. எதுவும் தெரியாது உனக்கு. அவனை எழுத வச்சுக்கிட்டே இரு. எழுதற வரைக்கும் கை ரெண்டும் போன்லதான் இருக்கும்.”

“வணக்கம் ஐயா. பித்தளைத் தாழ்ப்பாள்களுக்கு இன்று சலுகை உள்ளது. உங்கள் கதவு மரமா, பிளாஸ்டிக்கா?”

“கேட்டதுக்கு பதில் சொல்லு. யார் பேசினது?”

“மன்னிக்கவும் ஐயா, எங்களுக்கு வாடிக்கையாளர் எண் மட்டுமே தெரியும். கதவின் தடிமன் எவ்வளவு?”

அவன் எழுதினான். எழுதிக்கொண்டே இருந்தான். திரையில் மூன்று புள்ளிகள் துள்ளின, நின்றன, துள்ளின. கம்பெனியைத் திட்டினான். உரையாடலின் மேலே தெரியும் என் பெயரைப் பார்த்து என்னைத் திட்டினான், என் அம்மாவைத் திட்டினான். ஒவ்வொன்றுக்கும் நான் வருந்தினேன். கதவின் நிறம் கேட்டேன். ஆணியா திருகா என்று கேட்டேன். நாலு நிமிஷம் போனது. ஆறு நிமிஷம். பல்லைக் கடித்ததில் தாடை வலித்தது. இடையில் ஒரு குரல் பதிவு அனுப்பினான். கொசு அதை ஓட்டினான். அவன் கத்துவதற்குப் பின்னால் ஏதோ சுவரில் மோதும் சத்தமும், வாயைப் பொத்திக்கொண்டு அழும் சத்தமும் கேட்டன. ஒரே ஒரு தடவைதான். கொசு எழுந்து சுவர்ப் பக்கம் திரும்பி நின்றுகொண்டான்.

“எழுது, எழுதிக்கிட்டே இரு. பாதி தூரம் வந்துட்டாங்க” என்றார் மேடம்.

எட்டாவது நிமிஷம் அவன் எழுதினான்: “அந்த நாய்க்கு கதவு எதுக்கு. அடிச்சாதான் அடங்கும். நீயும் பொம்பளதானே, உனக்கே தெரியும்.”

எனக்குத் தெரியும். சலுகை இன்னும் இரண்டு நாள்தான் என்று எழுத வேண்டும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். மேடம் அப்போது போலீசோடு பேச ஒரு கணம் முகத்தைத் திருப்பியிருந்தார். என் விரல் எழுதியது: “அவள் மேல் இன்னொரு தடவை கை வைத்தால் நீ கம்பி எண்ணுவாய்.”

அனுப்பிவிட்டேன்.

மூன்று புள்ளிகள் நின்றன. திரும்ப வரவில்லை.

மேடம் திரையைப் பார்த்தார். என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். போனில், “சீக்கிரம், அவனுக்குத் தெரிஞ்சுபோச்சு” என்று மட்டும் சொன்னார்.

பதற்றத்தில் நான் பித்தளைத் தாழ்ப்பாளின் விலை அனுப்பினேன். இரும்புத் தாழ்ப்பாளின் விலை அனுப்பினேன். ஐயா, ஐயா என்று எழுதினேன். எதையும் அவன் பார்க்கவில்லை. ஒன்பது. பத்து. பதினொன்று. அந்த மூன்று நிமிஷமும் அவன் இரண்டு கைகளும் எழுதிக்கொண்டிருக்கவில்லை.

பன்னிரண்டாவது நிமிஷம் போலீஸ் கதவை உடைத்தது. மேடம் போனைக் காதில் அழுத்திக்கொண்டு கேட்டார், ம் ம் என்றார், பிறகு எங்களிடம் திரும்பினார்.

“உயிரோட இருக்கா. ஆம்புலன்ஸ்ல ஏத்திட்டாங்க, கூட ஒரு பெண் போலீஸ் போறா. அவனைப் பிடிச்சிட்டாங்க.”

கொசு அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதான்.

“வேற?” என்றேன்.

“வலது கை மூணு இடத்துல உடைஞ்சிருக்கு. விரலெல்லாம் நசுங்கிப்போச்சாம். போனை வச்சே அடிச்சிருக்கான். யாருக்கு எழுதின, எந்தக் கையால எழுதினன்னு கேட்டுக்கிட்டே.”

மேடம் என் பக்கத்தில் உட்கார்ந்தார். முதுகில் கை வைக்கவில்லை. “இதையும் அறிக்கையில எழுதணும். நட்சத்திரத்தையும், அந்த வரியையும். யார் எழுதினாங்கன்னும்” என்றார்.

சாயந்திரத்துக்குள் எல்லாவற்றையும் எழுதினேன். இப்படிப்பட்ட உரையாடலில் ஆப் தானாக எதையும் அனுப்பக் கூடாது. ஒருவர் எழுதும்போது இன்னொருவர் பக்கத்தில் உட்கார்ந்து படிக்காமல் எதுவும் போகக் கூடாது. கோபம் வந்தவர் உடனே எழுந்துவிட வேண்டும். எல்லாம் சரியான விதிகள்தான். அந்த வரியை எழுதியது நான் என்பதையும் எழுதினேன்.

ஒன்றை மட்டும் அறிக்கையில் எழுதவில்லை. அனுப்பும் பொத்தானை அழுத்தியபோது எனக்குச் சுகமாக இருந்தது. ஒரு நொடி, அவனை ஓங்கி அறைந்ததுபோல அவ்வளவு சுகம். அந்தச் சுகத்துக்குத்தான் அவள் விரல்கள் போயின.