மணிக்கட்டில் நாலு மணி

திருநள்ளாறு லாட்ஜில் பிரதீபா வரவேற்பில் இருந்தாள். போன சனிக்கிழமை, மேனேஜர் ரஞ்சித்குமார் வேறொருவர் பதிவு செய்திருந்த அறையைத் தன் மச்சானுக்குக் கொடுத்துவிட்டான். பதிவு செய்தவர்கள் வந்து கத்தியதும் பழியை அவள் மேல் போட்டான். முதலாளி சுப்பையன் முன்னால், முப்பது பக்தர்கள் பார்க்க, அவள் கைகூப்பி மன்னிப்புக் கேட்டாள். அன்றிலிருந்து அவளுக்குச் சரியாகச் சோறு இறங்கவில்லை.

வெள்ளிக்கிழமை மதியம் ரஞ்சித்குமார் புது ஸ்மார்ட்வாட்சை நீட்டினான்.

"ஒனக்குத்தான் இதெல்லாம் தெரியுமே. பார்த்த ஒடனே எல்லாம் தெரியணும். அடுத்த வேலை நடுவுல பெருசா. வெயில்லயும் படிக்கிற மாதிரி நிறம் வை."

பிரதீபா வாட்சின் முகப்பை அழுத்திப் பிடித்து, அதைத் திருத்தும் பக்கத்துக்குள் போனாள். கறுப்புப் பின்னணி, மஞ்சள் எழுத்து. மேலே மணி, கீழ் மூலைகளில் பேட்டரியும் நடந்த அடிகளும். நடுவில் இருந்த அகலக் கட்டத்தில் காலண்டரைத் தேர்ந்தெடுத்தாள். அவன் போனில் குறித்திருந்தது அங்கே வந்து நின்றது: 'சிவநாதன் லாட்ஜ் – ஒப்பந்தம், 4:00.'

சிவநாதன் அடுத்த தெருவில் புது லாட்ஜ் கட்டியவர். இந்த லாட்ஜின் பழைய வாடிக்கையாளர்களை இழுக்கத் துடிப்பவர்.

அவள் விரல் நின்றது. கையைத் தாழ்த்தினாலும் இந்த வாட்சின் திரை அணையாது. மங்கலாக எரிந்துகொண்டே இருக்கும். அப்போது கட்டத்தில் உள்ளதை மறைக்க அமைப்பில் ஒரு பொத்தான் உண்டு. வேறு யார் கேட்டிருந்தாலும் அதைச் சொல்லியிருப்பாள்.

"ஆச்சா?"

"ஆச்சு சார். நீங்க கேட்டபடியே வச்சிருக்கேன்."

மூன்றரை மணிக்கு வழக்கம்போல் முதலாளி வந்தார். நாளைய அறைப் பட்டியலைப் பார்க்க மேனேஜரின் பக்கத்தில் வந்து நின்றார். ரஞ்சித்குமார் பட்டியல் மேல் வாட்ச் கட்டிய இடது கையை ஊன்றிக்கொண்டு விளக்கினான். பிரதீபா சாவிகளைத் துடைப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தாள். சுப்பையனின் கண் பட்டியலிலிருந்து மெல்ல மணிக்கட்டுக்கு ஏறியது.

"நாலு மணிக்கு சிவநாதன்கிட்ட என்ன ஒப்பந்தம், தம்பி?"

ரஞ்சித்குமார் கையை இழுத்துக்கொண்டான். ஏதோ நண்பன் என்றான், வீட்டு வேலை என்றான். முதலாளி எதையும் காதில் வாங்கவில்லை.

"போய்ட்டு வாங்க. ஆனா இங்க வராதீங்க. சாவியெல்லாம் பிரதீபாகிட்ட கொடுங்க."

சாவிக்கொத்தை மேசையில் வைக்கும்போது அவன் தாழ்ந்த குரலில் கேட்டான்.

"தெரிஞ்சேதான் செஞ்சியா?"

"ஆமா சார். நீங்க மட்டும் தெரியாமயா மச்சானுக்கு ரூம் கொடுத்தீங்க?"

சுப்பையன் தலையைத் திருப்பினார்.

"அந்த ரூம் இவரு கொடுத்ததா?"

"ஆமாங்க ஐயா. நீங்க என்னைக் கேக்கவே இல்ல."

அவர் பட்டியலைப் புரட்டினார். பிரதீபா காத்திருந்தாள். அவரிடமிருந்தும் ஒரு மன்னிப்பு வரவேண்டியிருந்தது. அதை விடுவதாக அவளுக்கு எண்ணமில்லை.